துவாஸ் கிடங்குத் தம்பிக்கு: நாலு வார மலாய், தினம் பத்து நிமிடம்

நேரம்: காலையில் புளோக்கிலிருந்து பூன் லே எம்ஆர்டிக்கு நடக்கும்போது. ரயிலேறிவிட்டால் வாய் திறக்க வெட்கம் வந்துவிடும். இயர்போனை மாட்டிக்கொள், போனில் பேசுகிறாய் என்று நினைத்துக்கொள்வார்கள். 2 நிமிடம் நேற்றைய வரிகள், 5 நிமிடம் புது வரிகள், கடைசி 3 நிமிடம் போனில் உன் குரலைப் பதிவு செய்.

முதல் வாரம்

திங்கள்: சாத்து, துவா, திகா... பத்துவரை. அப்புறம் பஸ் நம்பர்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போ.

செவ்வாய்: "சுதா மாக்கான்?" சாப்பிட்டாச்சா? பதில்: சுதா, ஆச்சு. இல்லாவிட்டால் பெலும், இன்னும் இல்லை. காலம் மாறினாலும் வினைச்சொல் மாறவே மாறாது. தெங்கா மாக்கான், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். நாக் மாக்கான், சாப்பிட வேண்டும். மூன்றையும் வேறு வினைகளோடு உருட்டு: மினும், குடி; பெர்கி, போ; துரூன், இறங்கு.

புதன்: கித்தா, காமி. நம்முடைய நாம், நாங்கள் அப்படியே. இது நமக்கு ஓசியில் கிடைத்த லாபம்.

வியாழன்: காலைக்கும் கொடு என்பதற்கும் தமிழில் எழுதினால் 'பாகி' ஒன்றுதான். காலைக்கு உதடு வெடிக்கும் 'ப', கொடுக்கு 'பஸ்' என்கிறபோது வரும் 'ப'. அதனால்தான் நோட்டில் எழுதாதே என்கிறேன். காதால் பிடி.

வெள்ளி, சனி: எல்லாவற்றையும் ஒரே மூச்சில். ஞாயிறு லீவு.

இரண்டாம் வாரம்: சாப்பாட்டுக் கடை

திங்கள், செவ்வாய் இரண்டு குரலிலும் நீயே பேசு:
"மாக்சிக், நாசி லெமாக் சாத்து, புங்குஸ்."
"நாக் சம்பால்?"
"நாக், சிக்கிட் சாஜா."
"பெராப்பா?"
அதாவது: ஆன்ட்டி, ஒரு நாசி லெமாக், பார்சல். சம்பால் வேண்டுமா? வேண்டும், கொஞ்சம் மட்டும். எவ்வளவு?

புதன் முதல் நிஜமாகவே வாங்கு. மாக்சிக் உன் முகத்தைப் பார்த்ததும் இங்கிலீஷில்தான் பதில் சொல்வார். விடாதே. "சாயா தெங்கா பெலாஜார்", கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று சொல். பெரும்பாலும் அங்கேயே நிதானமாகிவிடுவார். ஞாயிறு, முடிந்தால் கேலாங் சிராய் சந்தை. மீன் வாங்காவிட்டாலும் விலை கேள்.

மூன்றாம் வாரம்: கிடங்கு

தினம் ஒரு வரி, அன்றைக்கே கிடங்கில் இருக்கிற மலாய் அண்ணன், அதாவது அபாங், யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்.
திங்கள்: லோரி சுதா சம்பாய்? லாரி வந்துவிட்டதா?
செவ்வாய்: பாராங் பெலும் துரூன், சரக்கு இன்னும் இறங்கவில்லை.
புதன்: துங்கு செகெஜாப், கொஞ்சம் பொறுங்கள்.
வியாழன்: தோலோங் சாக்காப் பெர்லாஹான் சிக்கிட். மெதுவாகப் பேசுங்கள் என்பது. இதை முதல் நாளே சொல்லித்தந்திருக்கலாம்தான்.
வெள்ளி: கோத்தாக் இனி பெச்சா, பெட்டி உடைந்திருக்கிறது. சனி: ஐந்தும் சேர்த்து.

நாலாம் வாரம்

திங்கள் முதல் புதன் வரை மலாய் வானொலி, வார்னா 94.2 எஃப்எம். 2 நிமிடம் கேள், காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல். புரியவில்லையே என்று நிறுத்தாதே. செய்தியில் 'திதாக்' என்பார்கள், அபாங்மார்கள் 'தாக்' என்பார்கள், இரண்டும் இல்லை என்பதுதான்.

வியாழன்: "திங்கால் தி மானா? அனாக் பெராப்பா ஓராங்?" எங்கே குடியிருக்கிறீர்கள், பிள்ளைகள் எத்தனை பேர் என்பது. வெள்ளி மதியம் அபாங்கோடு உட்கார்ந்து இங்கிலீஷ் கலக்காமல் 2 நிமிடம் பேசு. சனி, மாட்டிக்கொண்ட இடங்களை மட்டும் பத்து நிமிடம் உருட்டு.

ஓவர்டைம் வந்து ஒரு நாள் விட்டுப்போனால், அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்தே தொடங்கு. திங்கட்கிழமை வரட்டும் என்று காத்திருக்காதே.