வெண்டைக்காய்ப் பொரியல்: மேலிருந்து எடுத்ததுபோன்ற காணொளியை உருவாக்க AI கருவிக்கான கட்டளை

முதல்முறை தனியாகச் சமைக்கும் விடுதி மாணவர்களுக்கான செய்முறைக் காணொளி. 16:9 அளவு. தலா 8 விநாடி கொண்ட மூன்று ஷாட்டுகள். இசை, எழுத்து, முகம் எதுவும் வேண்டாம்.

கேமரா அடுப்புமேடைக்கு நேர் மேலே, 90 பாகையில் செங்குத்தாகக் கீழ்நோக்கி நிற்கிறது. மூன்று ஷாட்டுகளிலும் அது அசைவதில்லை; அருகே நெருங்குவதும் விலகுவதும் இல்லை. நடுவில் கறுத்த இரும்பு வாணலி, விளிம்பு முழு வட்டமாகத் தெரிகிறது. காதுகள் இரண்டும் நேர் இடமும் நேர் வலமும். இடப்பக்கம் மரப்பலகை, வலப்பக்கம் எவர்சில்வர் தட்டு. வெளிச்சம் மேல் இடது மூலையிலுள்ள ஜன்னலிலிருந்து வருகிறது; வாணலியின் நிழல் எப்போதும் கீழ் வலப்பக்கமே.

கைகள் ஐம்பது வயதுப் பெண்ணுடையவை. சட்டகத்தின் கீழ் விளிம்பிலிருந்தே நுழைகின்றன. ஐந்தைந்து விரல்கள், வலக்கையில் இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல்கள். நகரக்கூடியவை கையும் கருவியும் காயும் ஆவியும் மட்டுமே.

முதல் ஷாட்: துடைத்து உலர்த்திய வெண்டைக்காயை வலக்கைக் கத்தி அரை அங்குல வட்டங்களாக நறுக்குகிறது. இடக்கை விரல்நுனிகள் உள்ளே மடிந்திருக்கின்றன. காயில் துளி ஈரமும் இருக்கக் கூடாது. ஈரம் இருந்தால் பொரியல் கொழகொழக்கும் என்பதுதான் இந்தப் பிள்ளைகள் கற்க வேண்டிய முதல் பாடம். கத்தியில் மெல்லிய பிசின் இழை தெரியலாம். வாணலியில் எண்ணெய் மட்டும், அசைவின்றி.

இரண்டாம் ஷாட்: கடுகு, சிவந்த உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலையோடு காய் வாணலியில் இருக்கிறது. மடித்த துணியால் இடக்கை இடது காதைப் பிடித்திருக்கிறது. வலக்கை மரக்கரண்டியால் அடியிலிருந்து மெதுவாகப் புரட்டுகிறது. குழைத்துக் கிளறக் கூடாது, வட்டங்கள் உடையக் கூடாது. கரண்டி தட்டினாலும் வாணலி சுழலவோ சாயவோ கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்: பாத்திரம் நிலைத்து நின்றால்தான் பளிச்சென்ற பச்சை மங்கி, ஓரம் பழுப்பேறி, காய் சுருங்குவது கண்ணில் படும். நிறம் மாறுவது படிப்படியாக இருக்கட்டும். ஆவி மெல்ல எழலாம், காயை மறைக்கக் கூடாது. மூடி வேண்டாம். ஒலி: எண்ணெயின் சலசலப்பும் கரண்டி உரசலும்.

மூன்றாம் ஷாட்: துருவிய தேங்காய் கலந்த பொரியல் தயார். வாணலியைத் தூக்கிக் கவிழ்க்கக் கூடாது. அதே மரக்கரண்டி மூன்று முறை அள்ளித் தட்டின் நடுவில் சிறு குவியலாக வைக்கிறது. அள்ள அள்ள வாணலியில் அளவு குறைய வேண்டும். கடைசியில் எண்ணெய்ப் பளபளப்பும் சில தேங்காய்த் துருவல்களும் மட்டும் எஞ்சுகின்றன. கைகள் கீழ் விளிம்பு வழியே விலகுகின்றன. கடைசி ஒரு விநாடி அசைவற்ற காட்சி.

ஷாட் மாறுமிடங்களில் வாணலியின் இடமும் அளவும் மயிரிழைகூட மாறக் கூடாது. முதல் ஷாட்டின் கடைசிப் படமே மற்ற இரண்டுக்கும் ஆதாரப் படம்.

தவிர்க்க வேண்டியவை: சாய்ந்த கோணம், கூடுதல் விரல், மூன்றாவது கை, தானே நகரும் கரண்டி, முளைத்து மறையும் பாத்திரங்கள், நீள்வட்டமாகும் வாணலி விளிம்பு.