முதல் மாடி வீட்டு வாடகையை 2025 நவம்பர் 1 முதல் உயர்த்துவது குறித்து

20 ஜூலை 2025

திரு. கணேசன் அவர்களுக்கு,

வணக்கம். தினமும் மாடிப்படியில் பார்த்துக்கொள்கிறோம் என்றாலும், பணம் சம்பந்தப்பட்டதை எழுத்தில் தருவதே இருவருக்கும் நல்லது. நீங்கள் வீட்டில் கலந்து பேசி முடிவெடுக்க நேரமும் கிடைக்கும்.

நீங்கள் குடியேறிய 2023 பிப்ரவரி 1 முதல் இன்றுவரை வாடகை மாதம் ரூ. 14,000. இரண்டு முறை ஒப்பந்தம் புதுப்பித்தபோதும் அதை மாற்றவில்லை. இப்போதைய ஒப்பந்தம் 31 அக்டோபர் 2025 அன்று முடிகிறது. அதன்பின், நவம்பர் 1 முதல் வாடகையை ரூ. 15,200 ஆக உயர்த்தலாம் என்று கருதுகிறேன். உயர்வு மாதம் ரூ. 1,200, சதவீதத்தில் 8.6. அக்டோபர் வாடகை வரை பழைய தொகையே.

இந்த 1,200 எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய பங்கு மொட்டைமாடி வேலைக்கு. தட்டோடுகளின் இணைப்புகள் விட்டுப்போய், தண்ணீர் இறங்கும் குழாய் வாய் அருகே கசிந்து, உங்கள் படுக்கையறைக் கூரையில் ஊறல் வந்தது. மேலே வெறும் பூச்சு அடித்தால் அடுத்த மழைக்கே உரிந்துவிடும். அதனால் இணைப்புகளைக் கொத்தி எடுத்து அடைத்து, வலை பதித்து, இரண்டு கோட் வாட்டர்ப்ரூஃப் பூச்சு கொடுத்து, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகே வேலையை முடித்தோம். செலவு ரூ. 62,000. ஐந்து ஆண்டு உழைக்கும் என்று வைத்து 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,033. கீழ் வீட்டில் நான் இருப்பதால் பாதி என்னுடையது. உங்கள் பங்கு 517.

போர்வெல் மோட்டாரை ஒருமுறை ரீவைண்டிங் செய்தோம். நான்கே மாதத்தில் மீண்டும் எரிந்ததால் புதிது போட ரூ. 18,000 ஆனது. இதை 36 மாதத்துக்குப் பிரித்துப் பாதியாக்கினால் 250. மோட்டாருக்கும் பொது விளக்குகளுக்கும் உள்ள மீட்டரின் ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ரூ. 900 ஆக இருந்தது, இப்போது 1,500. அதில் உங்கள் பங்கு மாதம் 150. சொத்து வரி அரையாண்டுக்கு ரூ. 700 கூடியதில் 58. ஆக மொத்தம் 975.

மீதி 225 ரூபாய் எந்தச் செலவுக்கும் அல்ல, 33 மாதமாக வாடகை அப்படியே நின்றதற்கு. ரீவைண்டிங் கூலியையும் உங்கள் குளியலறையில் குழாய் மாற்றிய செலவையும் இதில் சேர்க்கவில்லை. அவை வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பு.

ஊறல் கண்ட கூரைக்குச் செப்டம்பர் கடைசியில் பெயிண்ட் அடித்துத் தருகிறேன். ஈரம் முழுதும் காயாமல் அடித்தால் கொப்பளித்து உரியும் என்பதால்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். புது வாடகை தொடங்கும் முன் இந்த வேலை முடியாவிட்டால், முடியும் மாதம் வரை பழைய வாடகையே கொடுங்கள்.

அட்வான்ஸ் ரூ. 42,000 அப்படியே இருக்கட்டும், கூடுதலாக எதுவும் தர வேண்டாம். மெயின்டனன்ஸ் ரூ. 500, ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் வாடகை என்பவற்றிலும் மாற்றமில்லை. அடுத்து போடும் 11 மாத ஒப்பந்தத்துக்கும் அதற்கு அடுத்ததற்கும், அதாவது 31 ஆகஸ்ட் 2027 வரை, மீண்டும் உயர்த்த மாட்டேன். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

ஒரே தடவையில் 1,200 கூடுவது பாரமாக இருந்தால், நவம்பர் முதல் ஜனவரி வரை ரூ. 14,600, பிப்ரவரியிலிருந்து ரூ. 15,200 என்று இரண்டு கட்டமாகத் தரலாம். விட்டுப்போன 1,800 ரூபாயைப் பிறகு கேட்க மாட்டேன். கணக்கில் ஏதாவது பொருந்தவில்லை என்று பட்டாலும், வேறு தொகை சரி என்று நினைத்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

உங்கள் பதிலை ஆகஸ்ட் 31-க்குள் ஒரு சீட்டிலோ வாட்ஸ்அப்பிலோ தாருங்கள். அக்டோபர் முதல் வாரத்தில் ஒப்பந்தத்துக்கு முத்திரைத்தாள் வாங்கிவிடலாம். ஒருவேளை வேறு வீடு பார்ப்பதாக இருந்தால், செப்டம்பர் 30-க்குள் சொன்னால் போதும். காலி செய்து சாவி கொடுக்கும் அன்றே, ஈபி பாக்கி இருந்தால் அதை மட்டும் கழித்து அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன். நீங்கள் தொடர்ந்து இங்கேயே இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

இப்படிக்கு,
சுந்தரம்
வீட்டு உரிமையாளர், தரைத்தளம்

இணைப்பு: மொட்டைமாடி வேலை ரசீது, மோட்டார் பில் மற்றும் வாரண்டி அட்டை, பழைய, புதிய சொத்து வரி ரசீதுகள், பொது மீட்டர் ஈபி பில் இரண்டு (எல்லாம் நகல்)

இந்தக் கடிதம் இரண்டு பிரதிகள். ஒன்றில் பெற்றுக்கொண்ட தேதியுடன் கையெழுத்திட்டுத் திருப்பித் தரவும். அந்தக் கையெழுத்து கடிதம் கிடைத்ததற்கு மட்டுமே, உயர்வுக்குச் சம்மதம் என்று பொருள் ஆகாது.