ஏறின இடம்

பெங்களூர் 335-இ பஸ் தொம்லூரில் நிற்கும்போது காலை 7.50 ஆகியிருக்கும். மாணிக்கம் பின்கதவு வழியாக ஏறி, பெண்கள் இருக்கைகள் முடிகிற இடத்துக்கு அடுத்த வரிசையில் ஜன்னலோரம் உட்காருவார். அவருக்கு முன்னால், பெண்கள் பகுதியின் கடைசி இருக்கையில், கார்ப்பரேஷனிலேயே ஏறிவிட்ட கலைவாணி இருப்பாள். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்கவும் தேவையில்லை.

"ஈஜிபுரா 4" என்பார்.

"ஈஜிபுரா 5" என்பாள்.

ஆடுவது செஸ். இருவருக்கும் நடுவே பலகை கிடையாது, காயும் கிடையாது. கையில் போன் இருந்தால் பைக்குள் போய்விட வேண்டும். குந்தலஹள்ளி கேட்டில் மாணிக்கம் இறங்கும்வரை ஏறத்தாழ 50 நிமிடம். மாரத்தஹள்ளி பாலத்தில் வண்டி தேங்கினால் ஒரு மணி நேரம். அதற்குள் 25 நகர்த்தல் வரை போகலாம்.

முதல் வாரத்தில் ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்தைத்தான் சொல்லிப் பார்த்தார்கள். ஓடுகிற பஸ்ஸில் அது எடுபடவில்லை. பி, சி, டி, ஈ, ஜி ஐந்தும் ஒரே ஓசையில் முடிகிறவை. கியர் மாறும் இரைச்சலில் டி என்றது பி என்று விழும். அவள் ஒரு குதிரையை டி வரிசையில் வைத்திருக்க, அவர் பி வரிசையில் வைத்திருப்பார். ஏழெட்டு நகர்த்தல் கழித்து யாராவது ஒருவர் காலியான கட்டத்தில் வெட்டப் போகும்போதுதான் இரண்டு பேர் தலையிலும் இரண்டு வேறு ஆட்டம் ஓடிக்கொண்டிருப்பது தெரியும். அப்புறம் எதையும் சரிசெய்ய முடியாது.

எழுத்தை விட்டுவிட்டு ஊர்ப் பெயருக்கு மாற்றியவர் மாணிக்கம். அகரா, பனசங்கரி, கண்டோன்மென்ட், தொம்லூர், ஈஜிபுரா, ஃபிரேசர் டவுன், காந்தி பஜார், ஹெப்பாள். எட்டு நிறுத்தம், எட்டு வரிசை. 34 வருஷம் கண்டக்டராகப் படியில் நின்று கூவிய பெயர்கள். எந்த இரைச்சலிலும் ஒன்று இன்னொன்றாகக் கேட்காது.

அவர் வேலைக்குச் சேர்ந்தது 1988-இல், நகர பஸ் நிர்வாகம் பி.டி.எஸ். என்று இருந்த காலம். 1997-இல் அது பி.எம்.டி.சி. ஆனது. 2022-இல் ஓய்வு. இப்போது குந்தலஹள்ளியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் வருகிற போகிற வண்டி எண்ணை எழுதுகிறார். கலைவாணி கோலார் தங்கவயலில் பிறந்தவள். காலேஜ் அணிக்காக ஆடியவள். ஒயிட்ஃபீல்டில் கணக்கு வேலை.

கண்ணை மூடி ஆடுவது என்றால் மனசுக்குள் முழுப் பலகையும் படம் போலத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். கலைவாணிக்கு அப்படித் தெரிவதில்லை. ஒரு மூலைதான் தெளிவாக இருக்கும், மிச்சம் மங்கல். மங்கலான இடத்துக்கு அவள் கணக்கை வைத்திருந்தாள். வரிசையின் எண்ணையும் கட்டத்தின் எண்ணையும் கூட்டினால், இரட்டைப்படை வந்தால் கறுப்பு, ஒற்றைப்படை வந்தால் வெள்ளை. தொம்லூர் நாலாவது, தொம்லூர் 1 என்றால் ஐந்து, வெள்ளை. வெள்ளைக் கட்டத்து மந்திரி கறுப்புக் கட்டத்தை ஒருநாளும் தொடாது. குதிரை ஒவ்வொரு தாவலிலும் நிறம் மாறும். இந்த இரண்டு விதியே பாதித் தப்பைப் பிடித்துவிடும்.

மாணிக்கத்துக்கு நிறமும் கிடையாது, படமும் கிடையாது. ஒவ்வொரு காயும் ஒரு பயணி. எங்கே ஏறியது, எங்கே இறங்கியது, அவ்வளவுதான். நெரிசலில் 70 பேர் நிற்கிற வண்டியில், யாருக்கு எந்த ஸ்டேஜ்வரை டிக்கெட், யாருக்கு எவ்வளவு சில்லறை பாக்கி என்று வைத்திருந்த அதே தலை. 10 நகர்த்தலுக்கு ஒருமுறை "ஸ்டேஜ் குளோஸ்" என்பார். கண்டக்டர் ஒவ்வொரு ஸ்டேஜிலும் டிக்கெட் நம்பரை வே-பில்லில் எழுதி முடிக்கிற மாதிரி, இருவரும் மிச்சமிருக்கிற காய்களை மெதுவாக ஒப்பிப்பார்கள். முதலில் ராஜா, பிறகு ராணி, யானை, மந்திரி, குதிரை, கடைசியில் சிப்பாய். சிப்பாயில்தான் அதிகம் பிசகும். நேற்றைய ஆட்டத்தில் ஹெப்பாள் 3-க்கு நகர்த்திய சிப்பாய் இன்றைய ஆட்டத்திலும் அங்கே நிற்பதாகத் தோன்றும். ராஜாவுக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது என்று நம்பி, கடைசி வரிசையில் யானை வந்து நின்றதும் ஆட்டம் முடிந்துபோகும். கலைவாணி அப்படி மூன்று முறை தோற்றிருக்கிறாள்.

முடியாத ஆட்டத்துக்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். பெரிய போட்டிகளில் முன்பு ஆட்டத்தை மறுநாளைக்குத் தள்ளிவைக்கும்போது, நகர்த்த வேண்டியவர் தன் நகர்த்தலை எழுதி உறையில் ஒட்டிக் கொடுப்பார். எதிராளி இரவெல்லாம் யோசித்தாலும் அது என்னவென்று தெரியாது. இங்கே உறை கிடையாது. மாணிக்கம் தன் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி, நாலாக மடித்து முன் இருக்கைக்கு நீட்டுவார். பாக்கிச் சில்லறையை எழுதிக் கொடுத்துப் பழகிய கை. அவள் பர்ஸில் வைத்துக்கொள்வாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். வெள்ளைக்காய் அவருக்கு. ராஜா கோட்டைக்குள். இரண்டு யானையும் 1-ஆம் கட்டத்தில், ஒன்று அகராவில், ஒன்று ஃபிரேசர் டவுனில். நடுவில் எல்லாம் காலி. ராணி ஈஜிபுரா 2. தொம்லூர் வரிசை திறந்து கிடந்தது. அவளுடைய மந்திரி ஈஜிபுரா 6-இல் நின்று, கோணத்தில் நேராக அகரா 2-இல் இருந்த சிப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சிப்பாய்க்குக் காவல் பின்னால் நின்ற யானை மட்டும்தான்.

குந்தலஹள்ளி கேட்டில் அவர் டிக்கெட்டை நீட்டிவிட்டு இறங்கினார்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாயும் இல்லை. ஒருவர் நம்பர் இன்னொருவரிடம் இல்லை, தேவைப்பட்டதே இல்லை. புதன்கிழமை தொம்லூரில் வண்டி நின்றபோது அவள் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். பின் இருக்கையில் ஒரு பையன் காதில் ஒயரோடு தூங்கிக்கொண்டிருந்தான்.

டிக்கெட் பர்ஸிலேயே இருந்தது. பிரிக்கவில்லை. இருவரும் இருக்கும்போதுதான் பிரிக்க வேண்டும். ஆனால் ஆட்டம் தலைக்குள் நிற்கவில்லை. திறந்த வரிசைக்கு யானை வரும் என்பது அவளுக்குத் தெரியும். எந்த யானை என்பதுதான் கேள்வி, செஸ் ஆடுகிறவர்களை என்றைக்கும் வாட்டுகிற கேள்வி. ஃபிரேசர் டவுன் யானை வந்தால் அகரா சிப்பாய்க்குக் காவல் அப்படியே இருக்கும். அகரா யானை வந்தால் அந்தச் சிப்பாய் அனாதை. மந்திரி போய் அதை வெட்டலாம். வெட்டினால்?

முருகேஷ்பாளையாவிலிருந்து எச்.ஏ.எல். வரை அவள் அதையே பார்த்தாள். மந்திரி அகரா 2-இல் வெட்டியதும், வெள்ளை பனசங்கரி சிப்பாயை ஒரே ஒரு கட்டம், 3-க்குத் தள்ளும். அதற்குக் கண்டோன்மென்ட் 2 சிப்பாயின் காவல். மந்திரி வந்த வழி அடைபட்டுப் போகும். பிறகு யானை திரும்பி அகரா 1-க்கு வந்தால் மந்திரி காலி, பதிலுக்கு மொத்தம் இரண்டு சிப்பாய்தான் கிடைக்கும். 1972-இல் ரெய்க்யவிக்கில், உலகச் சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தில், பாபி ஃபிஷரே பலகையின் மறுபுறம் இப்படி ஒரு சிப்பாயை வெட்டித் தன் மந்திரியைச் சிக்கவைத்தார். ஒன்று, அகரா யானையை நகர்த்துகிறவர் சிப்பாயைக் கவனிக்காமல் விட்டிருக்க வேண்டும். இல்லை, வலை விரித்திருக்க வேண்டும்.

ஒன்பது வேலைநாள் கழித்து, தொம்லூரில் பின்கதவு வழியாகக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஏறினார்.

"கண்ணுல புரை எடுத்தாங்கம்மா. தூசில போகக்கூடாதுன்னுட்டாங்க."

"இப்ப எப்படி இருக்குங்கய்யா?"

"தெளிவா இருக்கு. டிக்கெட் வச்சிருக்கியா?"

அவள் பர்ஸைத் திறந்தாள். அச்சு முழுக்க வெளுத்துப்போயிருந்தது. பின்பக்கம் பேனா எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தாள். பிறகு தலைக்கு மேலே கையை உயர்த்திப் பின்னால் நீட்டினாள்.

*யானை — தொம்லூர் 1.*

மாணிக்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். இரண்டு தரம் பார்த்தார்.

"இறங்கற இடம் போட்டிருக்கேன்" என்றார். "ஏறின இடம் போடலையே."

"ஆமாங்கய்யா. ரெண்டு யானையும் அங்க வரலாம்."

"இதுக்கு ரூல் என்னம்மா?"

அவளுக்குத் தெரியும். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. எந்த யானை என்று கேட்டால் அவர் சொல்வார், ஆட்டம் தொடரும். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் கேட்டவர் மாணிக்கம்.

"எழுதிவச்ச நகர்த்தலுக்கு ரெண்டு அர்த்தம் வந்து, எதுன்னு முடிவு பண்ண முடியலைன்னா எழுதினவர் தோத்ததா கணக்கு."

"சரிதான்."

"நீங்க எதை நினைச்சீங்கன்னு சொன்னா போதுங்கய்யா."

"இப்ப நான் சொல்றது செல்லாதும்மா. இன்ஸ்பெக்டர் ஏறி டிக்கெட்டை வாங்கிப் பாக்கறப்ப, பயணி சிவாஜிநகர்ல ஏறினேன்னு வாயால சொன்னா ஒத்துப்பாரா? காகிதம்தான் பேசணும். 34 வருஷத்துல ஸ்டேஜ் தப்பா போட்டுக் கொடுத்ததுன்னு ஒரு மெமோ வாங்கினதில்ல நான்." டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "உனக்கு ஒண்ணு எழுதிக்கோ."

முருகேஷ்பாளையா வந்தது. கூட்டம் ஏறியது. விசில் இரண்டு முறை ஊதியது. வழக்கமாக அடுத்த ஆட்டம் தொடங்குகிற நேரம். அவர் தொடங்கவில்லை.

"கணக்கு முடிஞ்சுது" என்றார். "ஆனா ஆட்டம் முடியலையே. ரெண்டையும் ஆடிப் பாப்பமா? முதல் போர்டுல அகரா யானை. ரெண்டாவதுல ஃபிரேசர் டவுன் யானை."

இரண்டு பலகை. ஒரே மாதிரி 20 நகர்த்தல், ஒரு யானை மட்டும் வேறு. நேற்றைய சிப்பாயே இன்றைக்குள் புகுந்துவிடுகிற தலையில், ஒரு கட்டம் வித்தியாசமான இரட்டையரைப் பிரித்து வைத்திருக்க வேண்டும். கலைவாணி கண்ணை மூடிக்கொண்டாள். முதல் போர்டை ஜன்னல் பக்கம் வைத்தாள், இரண்டாவதை நடைபாதைப் பக்கம்.

மாணிக்கம் பதில் சொல்ல எப்போதும் அடுத்த நிறுத்தம்வரை எடுத்துக்கொள்வார். அவசரப்பட்டு அவள் பார்த்ததே இல்லை.

"ரெண்டாவது போர்டு, யானை தொம்லூர் 8" என்றாள். "அகரா யானைதான், அங்கிருந்து."

"ம்."

"முதல் போர்டு." தெரிந்தேதான் சொன்னாள். "மந்திரி, அகரா 2-ல வெட்டுது."

அவள் வாய் மூடுவதற்குள் பின்னாலிருந்து வந்தது:

"பனசங்கரி 3."