சிவப்பு மை

கட்டுரையைப் பதிவுத் தபாலில் அனுப்பி 41 நாளாகிவிட்டது. செல்லத்தாய் எண்ணிக்கொண்டிருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தாள்.

"இன்னைக்கும் வரலையாம்மா?" என்றாள் மகள், தலை பின்னிக்கொண்டே.

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் பொட்டலம் போடுகிற வேலை செல்லத்தாய்க்கு. எட்டாவதோடு நின்றவள், 38 வயதில் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதினாள், 41-ல் பிளஸ் டூ. டியூஷன் எல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நூலகம், ராத்திரி அடுப்படி, அவ்வளவுதான். இரண்டிலும் மதிப்பெண் வந்தது. ஆனால் அந்தத் தாளைப் படித்தது யார், படித்துவிட்டு என்ன நினைத்தார் என்று ஒன்றும் தெரியவில்லை. இப்போது அஞ்சல்வழியில் பி.ஏ. தமிழ். முல்லைத் திணை பற்றி ஆறு பக்கம் எழுதி அனுப்பினால் திருத்தித் திருப்பி அனுப்புவார்களாம்.

நூலகத்தில் உரைகளைப் புரட்டி முதல் நான்கு பக்கத்தை ஒழுங்காகத்தான் எழுதினாள். காடும் காடு சார்ந்த இடமும் நிலம். கார்காலம், மாலைப்பொழுது. உரிப்பொருள் இருத்தல், போனவன் திரும்பும்வரை பொறுத்திருப்பது. ஐந்தாம் பக்கத்தில் கை தானாக வேறு பக்கம் போய்விட்டது. அப்பா கிடை போட ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனால் மாதக் கணக்காகும். கிழக்கே மின்னல் வெட்டினால் அம்மா உலையில் இன்னொரு பிடி அரிசி கூடப் போடுவாள். அதையும் எழுதிவிட்டாள். தபாலில் சேர்த்த பிறகுதான் பயம் வந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாமோ?

43-ஆம் நாள் மதியம், தபால்காரர் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார். "வீடு பூட்டிக் கிடந்துச்சும்மா. எப்படியும் நீங்க கேப்பீங்கன்னு இங்கயே கொண்டாந்தேன்."

கையெல்லாம் வெல்லப் பிசுக்கு. புடவைத் தலைப்பில் துடைத்தும் உறையில் விரல் ஒட்டியது.

முதல் பக்க மூலையில் 30-க்கு 18. சரி, தேறியாச்சு. அதை ஒரு தடவைதான் பார்த்தாள். பக்கம் பக்கமாகச் சிவப்பு மையைத் தேடினாள். மூன்று இடத்தில் சந்திப் பிழை. தோழி கூற்றும் தலைவி கூற்றும் ஓரிடத்தில் மாறியிருந்தன. நாலாம் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

ஐந்தாம் பக்கத்தில், அந்தப் பிடி அரிசிக்கு நேராக, கோணல் எழுத்தில் ஒரு கேள்வி: 'அருமை. எந்தப் பாட்டில் வருகிறது? நூற்பெயர், பாடல் எண் தரவும்.'

அவள் சிரித்த சத்தத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னக்கா, பாஸா?"

"இருடி" என்றாள். கணக்கு நோட்டில் செருகியிருந்த பென்சிலை உருவி, சிவப்பு எழுத்துக்குக் கீழே சின்னதாக எழுதினாள்: 'பாட்டு இல்லை ஐயா. எங்கம்மா.'