ஐந்தாம் அரையாண்டு முன்னேற்ற அறிக்கை: ஆய்வுக்குழு உறுப்பினரின் குறிப்பு

ராமநாதபுரம்
21.07.2025

அன்புள்ள மெர்சி,

ஜனவரி முதல் ஜூன் 2025 வரையிலான உங்கள் அறிக்கையை இரண்டு முறை படித்தேன். போன மாதம் நெறியாளர் அறையில் நீங்கள் காட்டிய கள நோட்டின் பக்கங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை காத்திருக்க வேண்டாம்: வேலை நன்றாக நடக்கிறது, அறிக்கை அதைச் சரியாகச் சொல்லவில்லை. திருத்தி அனுப்பினால்தான் கையெழுத்துப் போடுவேன். நெறியாளருக்கும் இதன் நகல் போகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அறிக்கையின் 7ஆம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது: “தவிர்க்க முடியாத காரணங்களால் சில மண் மாதிரிகளைப் பயன்படுத்த இயலவில்லை.” அதே செய்தி உங்கள் நோட்டில் எப்படி இருக்கிறது தெரியுமா? “ஃப்ரீசர் திறந்தேன். நாற்றம். 14 குழாய்.” அவ்வளவுதான். அந்த மூன்று துண்டு வரிகளில் இருக்கிற உண்மை அறிக்கையின் வாக்கியத்தில் இல்லை.

‘சில’ என்ற சொல்லைத்தான் முதலில் எடுக்க வேண்டும். நான்கு இடம், இடத்துக்கு ஒன்பது குழாய், ஆக 36. அதில் 14 போய்விட்டது. எந்த 14 என்று நோட்டைப் பார்த்தேன்: சேதுக்கரை ஒன்பதும், ஏர்வாடி ஐந்தும். வடகடலான பாக் விரிகுடாப் பக்கம் தொண்டியும் தேவிபட்டினமும் முழுசாக இருக்கின்றன, 18. தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் மிச்சம் நான்கு. அந்த நான்கும் ஒரே ஊர். உங்கள் ஆய்வுத் தலைப்பே பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா என்ற இரு கரைகளின் கடற்புல் படுகை மண்ணில் எவ்வளவு கரிமம் தங்குகிறது என்ற ஒப்பீடு. 18க்கு எதிரே 4 வைத்து என்ன ஒப்பீடு செய்வது? ஆக, போனது மாதிரி மட்டும் இல்லை, மூன்றாம் இயலே இப்போதைக்கு நிற்கவில்லை. இதை அறிக்கை படிக்கிறவர் தானாகக் கண்டுபிடிக்கக் கூடாது, நீங்கள் சொல்ல வேண்டும். நான் கண்டுபிடித்துவிட்டேன். மற்ற உறுப்பினர்களும் கண்டுபிடிப்பார்கள், அவர்களிடம் உங்கள் நோட்டு இல்லாததால் கொஞ்சம் சந்தேகத்தோடு கண்டுபிடிப்பார்கள்.

யார் மீதும் பழி போட வேண்டாம். மின்சாரம் எத்தனை நாள் இல்லை, நீங்கள் எந்தத் தேதியில் திறந்தீர்கள், குழாய்கள் நின்றபடி இருந்தனவா, சாய்ந்து கிடந்தனவா, எத்தனை குழாயில் மூடி கழன்றிருந்தது என்று எழுதுங்கள். கடைசிக் கேள்வியைச் சும்மா கேட்கவில்லை. உறைந்தது உருகினால் அடுக்கு சரியும், ஆழவாரியான கணக்கு போகும். ஆனால் மூடி கழலாத குழாயில் மண் எங்கேயும் போகவில்லை. அதை மொத்தமாகக் காயவைத்து எடை போட்டால், அடுக்கு தெரியாவிட்டாலும் அந்தக் குழாயின் மொத்தக் கரிமத்தைக் கிட்டத்தட்டவாவது சொல்லலாம். பிரதான முடிவாக வைக்க முடியாது, சரிபார்ப்புக்கு உதவும். தூக்கிப் போட்டுவிடவில்லையே? போடவில்லை என்றால் இன்றைக்கே வெளியே எடுத்து எண்ணிவிடுங்கள்.

இன்னொன்று, அறிக்கையில் வரவே இல்லை. முதல் பருவத்தில் குழாயை அடித்து இறக்கும்போது மண் எவ்வளவு அமுங்கியது என்று நீங்கள் குறிக்கவில்லை. இரண்டாம் பருவத்தில் குறித்திருக்கிறீர்கள்: தேவிபட்டினம் 4ஆம் குழாயில் வெளியே மேல்விளிம்பிலிருந்து மண் வரை 12 செ.மீ., உள்ளே 19 செ.மீ. ஏழு சென்டிமீட்டர் அமுக்கம். அந்த எண்ணைக் கொண்டு ஆழத்தைத் திருத்தாவிட்டால், 30 செ.மீ. ஆழம் என்று நீங்கள் எழுதுவது உண்மையில் அதைவிடக் கீழே இருக்கும். முதல் பருவக் குழாய்களுக்குத் திருத்தம் செய்ய வழி இல்லை. நடந்தது நடந்துவிட்டது. அதை முறையியல் பகுதியில் இரண்டு வரியில் ஒப்புக்கொள்ளுங்கள். இது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. என் முதல் களப்பணியில் குழாய்க்கு எண் போடவே மறந்து, பதினோரு குழாயைப் பார்த்து எது எந்தக் கரை என்று யோசித்தவன் நான். அதை என் நெறியாளரிடம் சொல்ல நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதம்தான் அதிக நஷ்டம்.

உங்கள் அறிக்கையில் ஓரிடம் நேர்மையாக இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. தொண்டியில் வைத்த வெப்பநிலைப் பதிவுக் கருவி மார்ச்சில் காணாமல் போனது, ஐந்து வாரத் தரவு இல்லை, அந்த இடைவெளியை நிரப்ப முயலவில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். மிச்சத்தையும் இப்படி எழுதலாமே என்றுதான் தோன்றியது. ஒரே ஒரு திருத்தம். “இழுவலையில் சிக்கிப் போனது” என்று போட்டிருக்கிறீர்கள். பார்த்தீர்களா? கயிறு அறுந்து கிடந்தது என்றுதான் நோட்டில் இருக்கிறது. அறுத்தது வலையா, நங்கூரமா, உப்பில் இற்றதா என்று தெரியாது. “கயிறு அறுந்திருந்தது, கருவி கிடைக்கவில்லை” என்பது போதும். மீனவர் தலையில் ஒரு குற்றத்தைச் சும்மா ஏற்றி வைக்க வேண்டாம், நாளைக்கு அவர்கள் வள்ளத்தில்தான் நீங்கள் போக வேண்டும்.

இப்போது கால அட்டவணை. உண்மையில் என்னை அதிகம் உட்கார வைத்தது இந்தப் பகுதிதான்.

ஆகஸ்டில் ஏர்வாடி, சேதுக்கரையில் மறுபடியும் குழாய் இறக்குவது என்று போட்டிருக்கிறீர்கள். ஆகஸ்டில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கும். தென்கடல் கொந்தளிப்பாக இருக்கும், தண்ணீர் கலங்கி அடியில் கை நீட்டினால் கை தெரியாது. அதே நேரம் வடகடல் அமைதியாகக் கிடக்கும். வாடை தொடங்கினால் தலைகீழ். இந்தக் கரையில் வள்ளம் விடுகிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அட்டவணையை அவர்களில் ஒருவரிடம் காட்டியிருந்தால் அவர் சிரித்திருப்பார். நீங்கள் பரமக்குடிப் பக்கம் என்பதால் இது உங்களுக்குப் பழக்கத்தில் வந்திருக்காது, புரிகிறது. ஆனால் மூன்றாவது வருடம் ஆகிறது. அப்புறம், நவம்பரில் தொண்டியில் ஒரு சுற்று போட்டிருக்கிறீர்கள், அது நேரே வாடையில் போய் விழுகிறது. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலே பாதி சிக்கல் தீரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் பயம் இருப்பதால் தென்கடல் வேலையைப் பொங்கல் முடிந்து, ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். நீங்கள் போவது வள்ளத்தில் என்றாலும், அந்த நாட்களில் ஆள் கிடைக்குமா என்பதை முன்னாலேயே கேட்டு வையுங்கள்.

முயல் தீவு செப்டம்பரில் என்கிறீர்கள். அது 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று, அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. அனுமதிக்கு இன்னும் விண்ணப்பமே போடவில்லை என்று உங்கள் அறிக்கையின் பின்னிணைப்பே சொல்கிறது. விண்ணப்பம் போடுகிற தேதியை மட்டும் இலக்காக எழுதுங்கள், அது உங்கள் கையில் இருக்கிறது. தீவில் இறங்குகிற தேதி உங்கள் கையில் இல்லை. என்னைக் கேட்டால், தீவு இல்லாமலே ஆய்வு நிற்கும்படி வடிவமைத்துவிட்டு, கிடைத்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து ஆய்வகம். “ஆகஸ்ட்: கரிமப் பகுப்பாய்வு நிறைவு” என்று ஒரே வரி. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 50 செ.மீ. மண்ணை 2 செ.மீ. துண்டாக வெட்டினால் குழாய்க்கு 25 துண்டு. கையில் இருக்கிற 22 குழாய்க்கு 550 துண்டு. மண்ணை எரிக்கும் மஃபிள் ஃபர்னஸில் ஒரு சுற்றுக்கு 24 க்ரூசிபிள், துண்டுக்கு ஒன்று. 550 டிகிரியில் நான்கு மணி நேரம், பிறகு ஆறி, எடை போட்டு எடுக்க அன்றைய நாள் முடிந்துவிடும். ஆக 23 நாள். ஃபர்னஸ் உங்களுக்குக் கிடைப்பது வாரம் இரண்டு நாள். பன்னிரண்டு வாரம். ஜூலை 28இல் ஆரம்பித்தாலும் தீபாவளி வந்துவிடும். இது 60 டிகிரியில் காயவைக்கும் நாட்களைச் சேர்க்காமல். காயவைக்கும் வேலை இடையிலேயே ஓடும் என்று வைத்துக்கொள்கிறேன். மறுபடியும் எடுக்கும் 14 குழாய்க்கு 350 துண்டு, 15 சுற்று, எட்டு வாரம். பிப்ரவரியில் மண் வந்தால் ஏப்ரல் கடைசியில் முடியும். நான்கு செ.மீ. துண்டாக வெட்டினால் பாதி நேரம்தான், ஆனால் மேல் 10 செ.மீ.யில் உங்களுக்கு நுணுக்கம் தேவை. மேலே 2, கீழே 4 என்று வைக்கலாமா என்று நெறியாளரிடம் பேசிப் பாருங்கள். இரண்டு கரைக்கும் ஒரே மாதிரி வெட்ட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

தென்கடல் மண்ணில் பவளத் துண்டும் சிப்பியும் அதிகம். 550 டிகிரியில் அந்தச் சுண்ணாம்பு எரியாது, நல்லது. ஆனால் எடை இழப்பை அப்படியே கரிமம் என்று எழுத முடியாது, அது கரிமப்பொருள். சில துண்டுகளை அமிலத்தில் சுண்ணாம்பு நீக்கி, தனிமப் பகுப்பாய்வு செய்து, இந்தக் கரைக்கான சமன்பாட்டை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு எத்தனை துண்டு, எங்கே அனுப்புவீர்கள், என்ன செலவு என்பது அறிக்கையில் எங்கேயும் இல்லை.

“அடுத்த கட்டம்: தரவு சேகரிப்பும் பகுப்பாய்வும் தொடரும், இரு ஆய்வுக் கட்டுரைகள் வெளியிடப்படும்.” இது அடுத்த கட்டம் இல்லை, அறிக்கையை முடிக்கிற சம்பிரதாயம். அதன் இடத்தில் இப்படி ஏதாவது எழுதுங்கள்: “ஆகஸ்ட் 15க்குள் தொண்டியின் ஒன்பது குழாய்களையும் வெட்டிக் காயவைத்து எடை முடிப்பேன். ஆகஸ்ட் 29க்குள் தீவு அனுமதிக்கு விண்ணப்பம். அக்டோபர் 24க்குள் 22 குழாய்களின் எரிப்பு முடிவு. சைமோடோசியா செருலேட்டா கடற்புல்லின் பரவல் வீதத்தை இருவர் தனித்தனியே மதிப்பிட்டதில் உள்ள வேறுபாட்டை நவம்பரில் கணக்கிட்டு இரண்டாம் இயலின் வரைவு தருவேன்.” எது தவறினாலும் தவறியது என்று எனக்குத் தெரிய வேண்டும், அந்த அளவுக்குத் துல்லியம் போதும். கட்டுரை ஒன்றே போதும், அதுவும் வடகடல் தரவை மட்டும் வைத்து.

மார்ச் 2026இல் ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பது என்பதை எடுத்துவிடுங்கள். ஜனவரி 2023இல் பதிவு செய்தீர்கள். குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு ஆண்டு. டிசம்பர் 2026 என்று போட்டால் நான்கு ஆண்டு ஆகும், அது யாரும் புருவம் உயர்த்துகிற காலம் இல்லை. தேதி தள்ளினால் குழு கோபிக்கும் என்று நினைத்திருப்பீர்கள் போல. கோபிக்காதும்மா, ஏப்ரலில் வந்து ‘இன்னும் ஆறு மாதம்’ என்று கேட்டால்தான் கோபிக்கும்.

படங்களைப் பற்றி அதிகம் இல்லை. வரைபடத்தில் அளவுகோல் இல்லை, போடுங்கள்.

திருத்திய அறிக்கை ஆகஸ்ட் 5ஆம் தேதிக்குள் என் மேசைக்கு வர வேண்டும், கூட்டம் 12ஆம் தேதி. ஏர்வாடி வள்ளக்காரருக்கு ஆகஸ்டுக்கு முன்பணம் கொடுப்பதாகச் சொன்னீர்கள். இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம், பிப்ரவரிக்குப் பேசிவிடுங்கள்.

அன்புடன்,
ஆய்வுக்குழு உறுப்பினர்