பாளையங்கோட்டை தெரு ஏலச்சீட்டு: முடிவுக் கணக்கு

சீட்டு ரூ.50,000. ஆள் 10, மாசம் 10. முதல் சீட்டை நான் முழுசா எடுத்ததால கமிஷன் கிடையாது. தள்ளுத்தொகை பத்துப் பேருக்கும் சமமா கசர். 5,000-ல அதைக் கழிச்சது போகத்தான் கட்டணும்.

| மாசம் | எடுத்தவர் | தள்ளு | தலைக்குக் கட்டியது | கைக்கு வந்தது |
|---|---|---|---|---|
| தை | நான் | 0 | 5,000 | 50,000 |
| மாசி | பூக்கடை அக்கா | 15,000 | 3,500 | 35,000 |
| பங்குனி | தையல் மதினி | 13,000 | 3,700 | 37,000 |
| சித்திரை | ஆட்டோ அண்ணன் | 12,000 | 3,800 | 38,000 |
| வைகாசி | மாடிவீட்டுச் சித்தி | 14,000 | 3,600 | 36,000 |
| ஆனி | வளையல்கடை அண்ணாச்சி | 10,000 | 4,000 | 40,000 |
| ஆடி | டீச்சரம்மா | 6,000 | 4,400 | 44,000 |
| ஆவணி | பால்கார அண்ணன் | 4,500 | 4,550 | 45,500 |
| புரட்டாசி | இட்லிக்கடை அத்தை | 2,000 | 4,800 | 48,000 |
| ஐப்பசி | கோடிவீட்டு ஆச்சி | 0 | 5,000 | 50,000 |
| மொத்தம் | | 76,500 | 42,350 | |

வைகாசியில பள்ளிக்கூட ஃபீஸுக்காக மூணு பேர் கேட்டதால தள்ளு ஏறிப்போச்சு. அண்ணாச்சி ஆனித் தேரோட்டத்துக்குச் சரக்கு எடுக்கக் கேட்டார்.

ஆச்சி கட்டுனது 42,350, வாங்குனது 50,000, லாபம் 7,650. பூக்கடை அக்காவுக்கு 7,350 கூடப் போச்சு. ஆனா மகள் பிரசவத்துக்கு அன்னைக்கே பணம் வேணும்னு வந்தவங்க அவங்க. சீட்டு எடுத்த பிறகும் ஒரு மாசம்கூடத் தவணை தப்பலை. அடுத்த சீட்டுல அவங்களுக்கு ஜாமீன் கேட்க மாட்டேன்.

கணக்குல சந்தேகம்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, நோட்டைக் காட்டுதேன்.