கொடுத்த பணம் எங்கே போனது: 2025 பணிகளும் கணக்கும்

பினாங்கு பெருநிலப் பகுதியில், பிறை முதல் நிபோங் திபால் வரை உள்ள குடும்பங்களுக்காக நடக்கும் சிறிய அறநிதி இது. சம்பளம் வாங்கும் ஊழியர் ஒருவரும் இல்லை. 2025-ஆம் ஆண்டில் உங்களிடமிருந்து வந்த பணம், அது போன இடம், மிச்சம் இருப்பது எல்லாவற்றையும் கீழே கொடுத்திருக்கிறோம். பணம் கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. அவர் கேட்கும்வரை காத்திருப்பது முறையல்ல என்பது எங்கள் எண்ணம்.

டயாலிசிஸ் வேன்

எங்கள் செலவில் பெரிய பங்கு இதற்குத்தான் போகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் உயிருக்கு ஆபத்து. சிகிச்சைக் கட்டணத்துக்குப் பெர்கேசோ போன்ற வழிகள் சிலருக்கு உண்டு. போய்வரும் செலவுதான் பலருக்குக் கையைக் கடிக்கிறது. சிகிச்சை முடிந்து எழும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அந்த நிலையில் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்பச் சொல்ல முடியுமா?

அதனால் ஒரு வேனை வாடகைக்கு அமர்த்தியிருக்கிறோம். காலை நேரத்துக்கு ஆறு பேர், மதியத்துக்கு ஐந்து பேர். ஒருவர் போய்வர 16 வெள்ளி. வேன் ஓட்டுநரிடம் ஒரு நீள நோட்டு இருக்கும். ஏறும்போது நோயாளி கையெழுத்துப் போடுவார், கைநாட்டு வைப்பவரும் உண்டு. மையத்தில் அன்றைய தேதியோடு முத்திரை குத்துவார்கள். மாத முடிவில் கையெழுத்தும் முத்திரையும் ஒத்துப்போன வரிகளுக்கு மட்டுமே பணம் கொடுப்போம். 2025-இல் அப்படித் தேறியவை 1,680 பயணங்கள். மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களுக்கு வாடகை இல்லை.

எஸ்.பி.எம். வகுப்பு

கணிதம், அறிவியல், வரலாறு மூன்றுக்கும் வகுப்பு நடக்கிறது. வரலாற்றில் தேர்ச்சி பெறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது. மற்ற பாடங்களில் நன்றாகச் செய்யும் பிள்ளைகளும் இதில் சறுக்குவதைப் பார்த்துத்தான் அதைச் சேர்த்தோம். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு மலாய் மொழியில் நீண்ட விடை எழுதுவது சிரமமாக இருக்கிறது. ஆசிரியர்கள் அதற்கென்றே தனிப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆண்டு முழுவதும் 152 வகுப்புகள், ஒரு வகுப்புக்கு ஆசிரியருக்கு 70 வெள்ளி. மண்டப வாடகை மாதம் 120 வெள்ளி.

பள்ளித் தொடக்கம், தீபாவளி, அவசர உதவி

அரசாங்கம் ஒவ்வொரு மாணவருக்கும் 150 வெள்ளி தொடக்க உதவி கொடுக்கிறது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் சீருடை, காலணி, பை, நோட்டு எல்லாவற்றுக்கும் அது எட்டுவதில்லை. 64 பிள்ளைகளுக்குத் தலைக்கு 120 வெள்ளி வரை வாங்கிக் கொடுத்தோம். பணமாகக் கொடுப்பதில்லை. பிள்ளையையும் தாயையும் கடைக்கே அழைத்துப் போகிறோம். காலணியைப் போட்டு நடந்து பார்த்து, பையின் நிறத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கும். ரசீது எங்கள் கோப்புக்கு வரும்.

தீபாவளிக்கு 112 வீடுகளுக்கு 85 வெள்ளி மதிப்பில் மளிகைப் பை கொடுத்தோம். அரிசி, எண்ணெய், பருப்பு, சீனி, மாவு, முறுக்குக்கு உளுந்து.

அவசர உதவி மூன்று குடும்பங்களுக்குப் போனது: தீயில் வீட்டை இழந்த ஒரு குடும்பத்துக்கு 1,500 வெள்ளி, ஈமச் செலவுக்கு இரு குடும்பங்களுக்குத் தலா 1,400 வெள்ளி.

உதவி பெற்றவர்களின் முகத்தை நாங்கள் எங்கும் காட்டுவதில்லை. அரிசிப் பையோடு ஒரு தாயை நிற்க வைத்துப் படம் எடுத்தால் நன்கொடை கூடும் என்று சில அன்பர்கள் சொன்னார்கள். அந்தப் படத்தை நாளை அவர் பிள்ளையின் வகுப்புத் தோழர்கள் பார்ப்பார்கள். எங்களுக்கு அது வேண்டாம்.

வரவு செலவு, 1 ஜனவரி முதல் 31 டிசம்பர் 2025 வரை (வெள்ளியில்)

தொடக்க இருப்பு: 11,480

வரவு
மாதச் சந்தா, 53 பேர்: 38,160
ஒருமுறை நன்கொடைகள்: 17,250
தீபாவளிப் பைக்கென வந்தது: 9,640
வங்கி வட்டி: 112
மொத்த வரவு: 65,162

செலவு
டயாலிசிஸ் வேன்: 26,880
எஸ்.பி.எம். ஆசிரியர் ஊதியம்: 10,640
வகுப்பு மண்டப வாடகை: 1,440
பள்ளிப் பொருட்கள்: 7,680
தீபாவளிப் பைகள்: 9,520
அவசர உதவி: 4,300
தணிக்கைக் கட்டணம்: 1,200
தொலைபேசி, தபால், வங்கிக் கட்டணம்: 486
மொத்தச் செலவு: 62,146

இறுதி இருப்பு: 14,496

நிர்வாகச் செலவு என்பது கடைசி இரண்டு வரிகள்தான், 1,686 வெள்ளி. செலவான ஒவ்வொரு 100 வெள்ளியிலும் ஏறக்குறைய 2 வெள்ளி 70 காசு. தணிக்கையையும் விட்டுவிட்டால் இன்னும் குறையும்தான். ஆனால் வெளியாள் ஒருவர் பார்க்காத கணக்கை நம்பச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

இருப்பில் இருக்கும் 14,496 வெள்ளி எதற்கு? மூன்று மாத வேன் செலவான 6,720 வெள்ளியைத் தொடாமல் வைத்திருக்கிறோம். நன்கொடை ஒரு மாதம் வற்றினாலும் வேன் நிற்கக்கூடாது. தீபாவளிப் பையில் மிஞ்சிய 120 வெள்ளி அடுத்த தீபாவளிக்கு. அதை வேறு வேலைக்கு மாற்ற மாட்டோம், கொடுத்தவர்கள் அதற்கென்று கொடுத்த பணம். மீதி 7,656 வெள்ளி, 2026 பள்ளித் தவணை ஜனவரியிலேயே தொடங்கியதால், அந்த மாதப் பள்ளிப் பொருட்களுக்கு ஒதுக்கியது.

யார் பார்க்கிறார்கள்

அறநிதி 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவானது. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் கணக்கறிக்கை சங்கங்களின் பதிவிலாகாவுக்குப் போய்விடும். காசோலையில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து இருக்க வேண்டும். அந்த மூவரும் ஒரே குடும்பத்தினராக இருக்கக்கூடாது என்பது எங்கள் விதி. செயற்குழுவினரின் உறவினர் உதவி கேட்டால், அந்த முடிவு எடுக்கும்போது அந்தச் செயற்குழு உறுப்பினர் வெளியே போய்விடுவார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். 1967 வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் எங்களுக்கு அனுமதி இல்லை. எனவே எங்கள் ரசீதை வைத்து வரிக்கழிவு கோர முடியாது. வரிக்கழிவு உங்களுக்கு முக்கியம் என்றால் அந்த அனுமதி பெற்ற வேறு அமைப்புக்குக் கொடுங்கள், எங்களுக்கு வருத்தமில்லை.

நீங்கள் செய்யக்கூடியது

மாதம் 20 வெள்ளி தருபவரும் இருக்கிறார், 200 தருபவரும் இருக்கிறார். எங்களுக்குப் பெரிய தொகையைவிட மாதாமாதம் தவறாமல் வருவதே பயன். வேன் நிற்காமல் ஓடுவது அதனால்தான். இப்போது நான்கு டயாலிசிஸ் நோயாளிகள் இடத்துக்குக் காத்திருக்கிறார்கள். ஒருவருக்கு மாதம் சுமார் 13 பயணம், 208 வெள்ளி. நால்வருக்கும் சேர்த்து மாதம் 832 வெள்ளி உறுதியானால் அடுத்த மாதமே ஏற்றிக்கொள்வோம்.

பணத்தை அறநிதியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். டுயிட்நவ் ஸ்கேன் செய்யும்போது திரையில் தனியாள் பெயர் வந்தால் நிறுத்திவிட்டு எங்களைக் கேளுங்கள். நாங்கள் தெருவிலோ கடை வாசலிலோ டின் ஏந்துவதில்லை. எங்கள் பெயரைச் சொல்லி யாராவது அப்படி வந்தால் கொடுக்க வேண்டாம். ரசீது ஏழு நாட்களுக்குள் வராவிட்டால் பொருளாளரைக் கூப்பிடுங்கள்.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை காலை 10 முதல் 1 மணி வரை பிறையில் உள்ள வகுப்பு மண்டபத்தில் ரசீதுக் கோப்பு, வங்கி அறிக்கை, வேன் நோட்டு மூன்றும் மேசையில் இருக்கும். நோயாளிகளின் பெயர் மட்டும் மறைத்திருப்போம். நன்கொடை கொடுத்தவர், கொடுக்க நினைப்பவர், சந்தேகம் உள்ளவர் யாரும் வந்து புரட்டிப் பார்க்கலாம். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.